கொக்குவிலில் இருந்து வந்த ‘நோ’

புவனேந்திரனின் கணக்கில் உலகத்தில் இரண்டே வகைச் சனம்தான். பாஸ்வேர்டை மறக்கிற மொக்குகள் ஒரு பக்கம். மற்றப் பக்கத்தில் அவர் மட்டும், தன்னந்தனியாக.

லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் பதினாறு வருடமாகக் கலியாணக் கார்ட் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். கார்ட் அடிக்க வருகிறவர்கள் பாதிப்பேர். மற்றப் பாதி, கவுன்சில் பாரம் நிரப்பவும், ஈமெயில் திறக்கவும், “அண்ணை, இது என்னவோ சிவப்பாய் எழுதிக் காட்டுது, ஒருக்காப் பாருங்கோ” என்று போனை நீட்டவும் வருகிறவர்கள். நீட்டினால் சும்மா பார்த்துக் கொடுத்துவிடுவாரோ? கடையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகத் தொடங்குவார். “ஐயாயிரம் பவுணுக்குக் கலியாண ஹோல் புக் பண்ணத் தெரியுது, ஒரு பாஸ்வேர்டை ஞாபகம் வைக்கத் தெரியேல்லை என்ன?” சனம் அசடு வழியச் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். போனைத் திருப்பிக் கொடுக்கிறபோது இரண்டு விரலால் பிடித்துத்தான் கொடுப்பார், ஊத்தைத் துணியைத் தூக்குகிற மாதிரி.

குடும்பத்து வட்ஸ்அப் குறூப்பில் நாற்பத்து மூன்று பேர். லண்டன், பாரிஸ், ஊரில் கொக்குவில் எல்லாம் கலந்தது. அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் அவர்தான் வாத்தியார். யாரும் கேட்டதில்லை, தானாகவே ஏற்றுக்கொண்ட உத்தியோகம். போன வருடம் கொக்குவிலில் இருக்கிற தங்கச்சி கனகவல்லி, ‘லண்டனில் இருந்து பார்சல் வந்திருக்கு’ என்று யாரோ எடுத்த போனை நம்பி, தன் போனுக்கு வந்த ஆறு இலக்கக் கோட்டை வாசித்துக் காட்டிவிட்டாள். அவ்வளவுதான், மனுசனுக்குத் திருவிழா. நாலரை நிமிடத்துக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தேழு வருடம் கிளார்க்காய் இருந்து பென்சன் எடுத்தவளை, நாற்பத்து மூன்று பேருக்கு முன்னால் ‘படிச்ச மொக்கி’ என்றார்.

அந்த வொய்ஸ் மெசேஜின் கடைசியில் அவர் சொன்னது இது: “இப்ப கள்ளர் குரலையும் செய்யிறாங்கள், முகத்தையும் செய்யிறாங்கள். வீடியோவில என்ர முகமே வந்து நிண்டு கேட்டாலும் நம்பாதேங்கோ. ஆரோ உங்களிட்ட ‘யெஸ் அமத்துங்கோ’ எண்டு கேட்டால் அவன் கள்ளன். நோ எண்டு அமத்துங்கோ. ரெண்டாந்தரம் கேட்டால் ரெண்டாந்தரமும் நோ.”

இப்படிப்பட்டவர் போன சனிக்கிழமை புதுப் போன் வாங்கினார். பழையது நல்லாகத்தான் இருந்தது. ஆனால் நம்மவர்களுக்கு லண்டனில் புதுப் போன் வாங்குவதென்றால் பழசு ஊருக்குப் போகவேண்டும், அது எழுதாத சட்டம். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர் இராசரத்தினம் கொழும்புக்குப் பறக்கிறார் என்று கேள்விப்பட்டதும், பழைய போனில் இருந்து சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டார். தங்கச்சிக்குத் திறக்க லேசாக இருக்கட்டும் என்று லொக்கையும் எடுத்துவிட்டார். ஒரு சொக்லேற் பெட்டிக்குள் வைத்து இராசரத்தினத்தின் பையில் திணித்தாயிற்று. “போனில இருக்கிறதை அழிக்கத் தேவையில்லையோ அண்ணை?” என்று கடையில் வேலை செய்கிற றஜீனா கேட்டாள். “சிம்மைக் கழட்டினால் அது வெறும் பெட்டி, பிள்ளை. தெரியாத விசயத்தில வாயை வைக்காதையும்” என்றார். றஜீனா வாயை வைக்கவில்லை.

புதுப் போனில் வட்ஸ்அப் உடனே வந்தது. நம்பருக்குக் கோட் வந்தது, போட்டார், திறந்தது. பேந்தென்ன, எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் புதுப் போனால் சாப்பாட்டைப் படம் எடுத்துத் திரிந்தார். ஈமெயில் பக்கம் போகவேயில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றேமுக்காலுக்குப் போன் அடித்தது. கடைக் கட்டடத்துச் சொந்தக்காரனுக்கு வக்கீல் வேலை பார்க்கிற சொலிசிற்றர் ஒபிஸ், மன்செஸ்ரரில் இருந்து. பேசியது ஒரு பெண், நல்ல மரியாதையான குரல். “திங்கட்கிழமை புது லீஸை ஈமெயிலில் அனுப்பினோம். கையெழுத்துப் போடுகிற லிங்க் உள்ளே இருக்கிறது. இன்று மாலை ஐந்து மணியோடு அது பூட்டிவிடும். நீங்கள் இன்னும் திறக்கவில்லையே?”

லீஸ் விசயத்தில் ஏழு மாதமாக இழுபறி. வாடகையைக் குறை, கூரையைத் திருத்து, கழிப்பறைக்குப் புது ஓடு போடு என்று இவர் கேட்காத கேள்வியில்லை. மூன்று தரம் தவணை வாங்கினார். இவருக்காகப் பேசிய சொந்தச் சொலிசிற்றரையும் “உவனுக்கு என்ன தெரியும், நானே பாப்பன்” என்று கலைத்துவிட்டார். கடைசியில் சொந்தக்காரன் தெளிவாக எழுதிவிட்டான்: வியாழக்கிழமை ஐந்து மணி, அதற்குப் பிறகு கடை பொரித்த கோழிக் கடைக்காரனுக்கு. கோழிக்காரன் இரண்டு தரம் வந்து சுவரை அளந்துவிட்டுப் போனதை றஜீனா கண்ணால் கண்டவள். பதினாறு வருடக் கடை, பதினாறு வருட வாடிக்கை, வேறு தொழிலும் தெரியாது.

“அது பிரச்சினையில்லை, இப்பவே போடுறன்” என்று எடுப்பாகச் சொல்லிவிட்டுப் புதுப் போனில் ஈமெயிலைத் திறந்தார். முகவரி கேட்டது, போட்டார். பாஸ்வேர்ட் கேட்டது, போட்டார். சரியான பாஸ்வேர்ட், ஒரு எழுத்துப் பிழையில்லை. அதற்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. இது நாங்கள் முன்பின் அறியாத சாதனம் என்றது திரை. நீங்கள்தானா என்று உறுதி செய்ய உங்கள் மற்றப் போனுக்கு ஒரு அறிவித்தல் அனுப்பியிருக்கிறோம், அதில் ‘யெஸ்’ அமத்தி இந்த இலக்கத்தைத் தெரிவு செய்யுங்கள் என்று 47 என்று பெரிதாகக் காட்டியது.

“கண்டறியாத போன்!” என்றார். “அறியாத சாதனமாம். ஆயிரத்து நூறு பவுண் குடுத்து வாங்கியிருக்கு, அறியாத சாதனமாம்!”

அரை நிமிடம் போயிருக்கும். திரையில் 47 மறைந்தது. உள்நுழைவு மறுக்கப்பட்டது என்று எழுத்து வந்தது.

“ஆர் மறுத்தது?” என்று புவனேந்திரன் போனைப் பார்த்துக் கேட்டார். போன் என்ன சொல்லும்? திரும்ப அனுப்பினார். இந்தத் தரம் 82. அதுவும் மறுக்கப்பட்டது. மூன்றாந்தரம் 15, பத்துச் செக்கன் ஆகவில்லை, மறுப்பு. யாரோ காத்துக்கொண்டிருந்து அமத்துகிற மாதிரி. அதற்குப் பிறகு, நிறையத் தடவை முயன்றுவிட்டீர்கள், சற்று நேரம் கழித்து வாருங்கள் என்றது.

நேரம் இரண்டு பத்து. வேறு வழி இருக்கா என்று தேடினார். இருந்தது, பழைய நம்பர் ஒன்றுக்கு எஸ்எம்எஸ்ஸில் கோட் அனுப்புவார்களாம், கடைசி இரண்டு இலக்கம் 62. அது பாரிஸில் இருந்த காலத்து நம்பர். பதினேழு வருடத்துக்கு முன்பு விட்டெறிந்த சிம், இப்போது எந்தப் பிரெஞ்சுக்காரனின் சட்டைப்பைக்குள் கிடக்கிறதோ. முன்கூட்டியே அச்சடித்து வைக்கிற அவசரக் கோடுகள் இருக்கிறதா என்று கேட்டது. அந்தக் கோடுகளை அச்சடித்து அலுமாரிக்குள் வையுங்கோ என்று குறூப்பில் ஆறு தரம் பிரசங்கம் வைத்தவர் இவர்தான். அலுமாரி அவரிடம் இருந்தது. கோடு இல்லை.

“கடைக் கம்பியூட்டரில ஈமெயில் திறந்து இருந்தால் இவ்வளவு கரைச்சல் வராது அண்ணை,” என்றாள் றஜீனா. உண்மைதான். ஆனால் கடைக் கம்பியூட்டரில் ஈமெயிலைத் திறந்தால் றஜீனா பார்ப்பாள் என்று ஒருநாளும் திறக்காதவர் அவர். அதை அவளிடம் சொல்ல ஏலுமோ? “நீர் உந்தக் கார்ட்டை வெட்டும்” என்றார்.

சொலிசிற்றர் ஒபிஸுக்கு எடுத்தார். லிங்கை என் மனுசியின் ஈமெயிலுக்கு அனுப்புங்கள் என்றார். மரியாதைக் குரல் மரியாதையாகவே மறுத்தது. போனில் சொல்லி ஈமெயிலை மாற்றித்தான் இப்போது எல்லா மோசடியும் நடக்கிறது, ஆகவே நாங்கள் மாற்றுவதில்லை, மாற்ற வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டோடு நேரில் வாருங்கள் என்றது. “நான் புவனேந்திரன், என்ர குரல் உங்களுக்குத் தெரியாதோ, ஏழு மாசமாய்க் கதைக்கிறன்!” என்று இங்கிலீசில் கத்தினார். குரலை வைத்து நாங்கள் யாரையும் உறுதி செய்வதில்லை என்றாள் அவள். நல்ல பிள்ளை, இவருடைய வகுப்பில் படிக்காமலே பாஸ். ஐந்து மணிக்குள் மன்செஸ்ரருக்குப் போய்ச் சேரவும் வழியில்லை.

இவ்வளவு கூத்தும் பார்த்துக்கொண்டு கார்ட் வெட்டிக்கொண்டிருந்த றஜீனாதான் கடைசியில் கேட்டாள். “அண்ணை, அந்த மற்றப் போன் இப்ப ஆரிட்ட?”

புவனேந்திரன் புதுப் போனை மெல்ல மேசையில் வைத்தார்.

புதன்கிழமையே இராசரத்தினம் சொக்லேற் பெட்டியைக் கொக்குவிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கனகவல்லி தன் சிம்மை அதில் போட்டுவிட்டாள். வெறும் பெட்டி என்று இவர் சொன்னதற்குள் இவருடைய ஈமெயில் அப்படியே கால் நீட்டிப் படுத்திருந்தது. லண்டனில் இருந்து ஒரு புதுப் போன் உள்ளே வரப் பார்க்குது, அது நீங்கள்தானோ என்று அவளிடம் கேட்டது. அவள் லண்டனில் இல்லை. புதுப் போனும் வாங்கவில்லை. ‘நோ, நானில்லை.’ முதல் தரமும் நோ, இரண்டாந்தரமும் நோ, மூன்றாந்தரம் இன்னும் கெதியாய் நோ. சொன்னது சொன்னபடி செய்கிற மாணவி நாற்பத்து மூன்று பேரில் ஒருத்திதான், அவள் இவள்.

மூன்றரைக்கு அவர் கனகவல்லிக்கு வீடியோ கோல் எடுத்தார். ஊரில் எட்டு மணி. பின்னால் ரியூப் லைற், முன்னால் கண்ணாடி போட்ட தங்கச்சி.

“வல்லி! உந்தப் போனில என்ன கேட்டாலும் யெஸ் எண்டு அமத்து!” வணக்கம் இல்லை, சுகமோ என்று இல்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். “நீங்கள் ஆர் கதைக்கிறது?”

“என்ன பேக்கதை கதைக்கிறாய்? முகம் தெரியேல்லையோ உனக்கு?”

“முகம் தெரியுது. முகத்தை நம்பவேண்டாம் எண்டு எங்கட அண்ணை சொன்னவர். குரலையும் நம்பவேண்டாம் எண்டவர்.”

“நான்தானடி அந்த அண்ணை!”

“அதைத்தான் கள்ளனும் சொல்லுவான்.” அவள் குரலில் கோபம் இல்லை. சங்கத்துக் கவுண்டருக்குப் பின்னால் இருந்து, பங்கீட்டு அட்டை கொண்டுவராத ஆளுக்குச் சொல்கிற குரல். “ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில அண்ணையின்ர பேருக்குக் கீழ, பாதுகாப்புக் கோட் மாறிட்டுது எண்டு வந்தது. அப்பிடி வந்தால் உசாராய் இருக்கவேணும் எண்டு, அந்தச் செற்றிங்கை எங்கள் எல்லாரையும் போடவைச்சதும் அண்ணைதான். இண்டைக்கு மூண்டு தரம் லண்டனில இருந்து ஆரோ அவரின்ர கணக்குக்குள்ள பூரப் பாத்தவன். நான் விடேல்லை.”

“நான் போன் மாத்தினபடியால்தான் கோட் மாறினது! பூரப் பாத்தது நான்!”

“ஒத்துக்கொள்ளுறியள்,” என்றாள்.

றஜீனா கார்ட் கட்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

“சரி, அமத்த வேண்டாம். மன்செஸ்ரர் சொலிசிற்றரிட்ட இருந்து ஒரு ஈமெயில் உதுக்குள்ள வந்திருக்கு. அதைத் திறந்து உன்ர மச்சாள் செல்வமலரின்ர ஈமெயிலுக்கு அனுப்பிவிடு, அது காணும்.”

“தெரியாத ஆக்கள் அனுப்பின ஈமெயிலை நான் திறக்கிறேல்லை. அண்ணையின்ர கட்டளை.”

அந்த நேரத்தில் மனுசி செல்வமலர் அப்டன் பார்க்கில் வாங்கிய மரக்கறிப் பைகளோடு கடைக்குள் வந்தாள். புவனேந்திரன் போனை அவள் முகத்துக்கு நேரே திருப்பினார். “சொல்லும் இவளுக்கு, நான்தான் எண்டு சொல்லும்! அஞ்சு மணிக்கு லீஸ் போகுது, கடை போகுது!”

செல்வமலர் பைகளை வைத்தாள். விசயம் விளங்க அவளுக்கு இரண்டு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் அவள் வாயோரம் ஒருதரம் துடித்தது. “மச்சாள், இவர்தான்,” என்றாள்.

“மச்சாள், நீங்கள் எண்டால் நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும். நேற்றும் கதைச்சனாங்கள்தானே,” என்றாள் கனகவல்லி. “ஆனால் உங்களுக்குப் பக்கத்தில நிக்கிற ஆளைத்தான் நான் கேக்கிறன். தலையில துவக்கை வைச்சுச் சொல்லச் சொல்லுறானோ, ஆருக்குத் தெரியும்?”

“விசரி!” என்று கத்தினார் புவனேந்திரன். கோல் கட்டாகிவிட்டது.

இப்போதுதான் மனுசன் ஆடிப்போனார். நாலு மணி. திரும்ப எடுத்தார், எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார். நாலே காலுக்கு ஈமெயில் மறுபடி முயல விட்டது. ஆனால் அனுப்பி என்ன பிரயோசனம், அங்கே நோ அமத்த ஆள் இருக்கிறாளே. கடைக்கு வெளியே கோழிக்காரன் வந்து நிற்கிறானோ என்று கண் தானாகக் கண்ணாடிக் கதவுக்குப் போனது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இராசரத்தினத்தைத் திட்டினார், ஏன் இவ்வளவு கெதியாய்ப் போய்ச் சேர்ந்தவன் என்று.

“கெஞ்சிக் கேளுங்கோ,” என்றாள் செல்வமலர். “கத்தாதேங்கோ.”

நாலு முப்பத்தைந்துக்குக் கனகவல்லி போனை எடுத்தாள். புவனேந்திரன் குரலைத் தாழ்த்தி, தொண்டையைச் செருமி, பதினாறு வருடத்தில் அந்தக் கடைக்குள் யாரும் கேட்காத ஒரு சொல்லைச் சொன்னார். “தயவுசெய்து.”

“உங்களை நீங்கள் நிரூபிக்கவேணும்,” என்றாள் அவள். “கள்ளருக்குத் தெரியாத, வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கேள்வி கேப்பன். மச்சாள் வாய் திறக்கக்கூடாது.”

“கேள், கேள்!” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வி என்றால் பயமோ? அப்பா பிறந்த வருடம் அது இது என்று ஐயாயிரம் கேள்வி கேட்கட்டுமே.

“எனக்குப் போன மாசம் உடம்பில எங்க ஒப்பரேசன் நடந்தது?”

கடைக்குள் கார்ட் வெட்டுகிற சத்தம் நின்றது.

“ஒப்பரேசனோ?” என்றார் புவனேந்திரன். “ஆருக்கு?”

“எனக்கு.”

அவர் செல்வமலரைப் பார்த்தார். அவள் பையில் இருந்த வெண்டிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. றஜீனாவின் முகத்தைப் பார்த்தால், அவளுக்குக்கூடத் தெரிந்திருக்கும் போல இருந்தது. புவனேந்திரன் நெற்றியைத் தடவினார். “கண்ணோ? கற்றறாக்ட்?”

“இல்லை.”

“முழங்கால். முழங்கால்தான் என்ன? உனக்கு முழங்கால் நோகிறது.”

“முழங்கால் நொந்தது அக்காவுக்கு. அவ செத்து நாலு வருசம்.”

போன் திரையின் மூலையில் தன் முகம் சின்னதாகத் தெரிந்தது, அதைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. “தெரியாது, வல்லி,” என்றார். “எனக்குத் தெரியாது.”

கொக்குவிலில் ரியூப் லைற்றுக்குக் கீழே கனகவல்லி கண்ணாடியைச் சரிசெய்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

“கள்ளன் எண்டால் நாலு பேரிட்ட விசாரிச்சு, விடையோட வந்திருப்பான்,” என்றாள். “தெரியாது எண்டு நிக்கிறது எங்கட அண்ணைதான். சந்தேகமேயில்லை. அனுப்புங்கோ.”

உடனே அனுப்பினார். “என்ன இலக்கம்?” என்றாள். “முப்பத்தொண்டு.” “மூண்டு இலக்கம் காட்டுது, முப்பத்தொண்டும் இருக்கு. அமத்திட்டன்.” அவ்வளவுதான். கோல் முடிந்தது.

ஈமெயில் திறந்தது. திங்கட்கிழமைக் கடிதம், அதற்குள் லிங்க், லிங்குக்குள் பதினெட்டுப் பக்கம். ஒரு பக்கமும் வாசிக்காமல் விரலால் கையெழுத்துப் போட்டார். நாலு ஐம்பத்தொன்றுக்கு, கிடைத்தது நன்றி என்று மன்செஸ்ரரில் இருந்து பதில் வந்தது. கடை தப்பியது. இனிப் பத்து வருடத்துக்குக் கோழிக்காரன் வேறு சுவரை அளக்கட்டும்.

“முடிஞ்சுது!” என்று மேசையில் தட்டினார். குரல் பழைய குரலாகப் பாதி திரும்பிவிட்டது. “றஜீனா, ரீ போடும். செல்வம், பாத்தீரோ, ஒன்பது நிமிசம் இருக்க முடிச்சனான்!”

செல்வமலர் மரக்கறிப் பைகளைத் தூக்கினாள். “எங்க ஒப்பரேசன் எண்டு மச்சாளைக் கேட்டனீங்களோ?”

அவர் கேட்கவில்லை.

“கர்ப்பப்பை,” என்றாள். “கட்டி எண்டு எடுத்தவை. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தவ. குறூப்பில எழுதிப் போட்டவ, நாற்பத்து மூண்டு பேருக்கும். அதுக்கு நீங்கள் பெருவிரலைத் தூக்கிக் காட்டினனீங்கள்.”